ஷேக்கரைக் குலுக்க ஓட வேண்டுமா? பயிற்சிக்குப் பிந்தைய புரதக் கணக்கு

ஜிம்மில் கடைசி செட் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குக்கூட நேரமில்லாமல் பைக்குள் கையை விட்டு ஷேக்கரைத் தேடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் ஷேக்கரை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். அன்று செய்த பயிற்சி மொத்தமும் வீண் என்று உண்மையாகவே நம்பி, முகம் தொங்கத் திரும்பியது நினைவிருக்கிறது. எனக்குச் சொல்லப்பட்டிருந்த விதி இதுதான்: பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தசை வளராது. இதற்கு ‘அனபாலிக் விண்டோ’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் திறந்திருந்து மூடிவிடும் ஜன்னல்.

ஜன்னல் இருப்பது உண்மை. ஆனால் அது அரை மணி நேர ஜன்னல் இல்லை. அதைவிட முக்கியம், அதன் கடிகாரத்தைப் பயிற்சி முடிந்த நொடியிலிருந்து ஓடவிடக் கூடாது. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதிலிருந்து எண்ண வேண்டும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் எவ்வளவு, எப்போது என்ற கேள்விகள் இரண்டும் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

தசைக்குள் நடக்கும் வரவு செலவு

தசையில் புரதம் எப்போதும் இரண்டு திசையிலும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பழைய புரதம் சிதைந்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது, மறுபக்கம் அமினோ அமிலங்கள் சேர்ந்து புதுப் புரதம் உருவாகிறது. நீங்கள் தூங்கும்போதும் இது நிற்பதில்லை. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் உருவாக்கம் முந்துகிறது. வயிறு காலியாகி வெகுநேரம் ஆகிவிட்டால் சிதைவு முந்துகிறது. நாள் முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எது மிச்சமோ அதுதான் வாரக்கணக்கில் தசையின் அளவில் தெரியும்.

எடைப் பயிற்சி இந்தக் கணக்கில் இரண்டு பக்கத்தையும் ஏற்றிவிடுகிறது. உருவாக்கம் அதிகம் ஏறும், சிதைவும் ஓரளவு ஏறும். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி முடிந்து 3 மணி நேரத்தில் தசைப் புரத உருவாக்கம் ஓய்வு நிலையைப் போல இருமடங்குக்குச் சற்று மேல் இருந்தது. 24 மணி நேரம் கழித்தும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக இருந்தது. 48 மணி நேரத்தில்கூட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதாவது திங்கட்கிழமை மாலை செய்த ஸ்குவாட்டுக்குப் புதன்கிழமை மாலை வரை தொடை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பல வருடம் பயிற்சி செய்து பழகியவர்களுக்கு இந்த ஏற்றம் சீக்கிரம் இறங்கிவிடும். அப்படியும் அது மணிக்கணக்கில்தான் நீடிக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் எதுவும் சாப்பிடாமல் இருந்தார்கள். பயிற்சி உருவாக்கத்தை அவ்வளவு தூரம் ஏற்றியும் மொத்தக் கணக்கு நஷ்டத்தில்தான் இருந்தது. நஷ்டம் குறைந்தது, லாபமாக மாறவில்லை. அமினோ அமிலங்கள் வெளியிலிருந்து வந்தால்தான் மாறும். ஆகவே பயிற்சிக்குச் சாப்பாட்டின் துணை தேவை என்பதில் சந்தேகம் இல்லை. அது 30 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

தசைப் புரத உருவாக்கத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால் இது சட்டென்று விளங்கும். அடையாளம் போட்ட அமினோ அமிலத்தை ரத்த நாளத்தில் மெதுவாகச் செலுத்துவார்கள். சில மணி நேர இடைவெளியில் தொடையிலிருந்து ஊசியால் மிகச் சிறிய தசைத் துணுக்கை எடுப்பார்கள். அடையாளம் போட்ட அமிலம் எவ்வளவு தசைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் உருவாக்கத்தின் வேகம் தெரிந்துவிடும். நுணுக்கமான முறை. ஆனால் முந்தைய சாப்பாட்டின் அமினோ அமிலங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் கணக்கு குழம்பும். அதனால் இரவு முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்களிடம்தான் பெரும்பாலான சோதனைகளைச் செய்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதவருக்குப் பயிற்சி கொடுத்து, உடனே புரதமும் கொடுத்தால் அவர் உடல் பளிச்சென்று பதில் சொல்லத்தான் செய்யும். அந்தப் பளிச்சைப் பார்த்துவிட்டு, மதியம் நன்றாகச் சாப்பிட்டு மாலையில் ஜிம்முக்கு வருபவருக்கும் அதே அவசரம் பொருந்தும் என்று முடிவுகட்டியதில்தான் தவறு நுழைந்தது.

2001-இல் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கைக்கு நல்ல உரம் போட்டது. சராசரியாக 74 வயதான 13 ஆண்கள் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். ஒரு குழு பயிற்சி முடிந்த உடனே 10 கிராம் புரதம் கலந்த சிறு பானத்தைக் குடித்தது. மற்றக் குழு அதையே 2 மணி நேரம் கழித்துக் குடித்தது. முதல் குழுவுக்குத் தசை வளர்ந்தது, இரண்டாம் குழுவுக்கு வளரவே இல்லை. படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாம் குழுவின் நிலை விசித்திரம். 12 வாரம் எடை தூக்கியவர்களுக்கு, எதுவுமே கொடுக்காவிட்டாலும் கொஞ்சமாவது தசை கூடியிருக்க வேண்டும். பானம் 2 மணி நேரம் தாமதமானதால் பயிற்சியின் பலன் முழுவதும் அழிந்துபோனது என்பதை நம்புவது கடினம். மொத்தமே 13 பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம் 2013-இல் பிராட் ஷோன்ஃபெல்ட், ஆலன் அராகன், ஜேம்ஸ் க்ரீகர் என்ற மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது பயிற்சியை ஒட்டிப் புரதம் எடுத்தவர்களுக்குத் தசை வளர்ச்சியில் சிறிய அனுகூலம் தெரிந்தது. ஆனால் பயிற்சியை ஒட்டிப் புரதம் எடுத்தவர்கள், நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதமும் மற்றவர்களைவிட அதிகம். உடல் எடையின் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 1.66 கிராம், மற்றவர்களுக்கு 1.33 கிராம். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் நேரத்தின் அனுகூலம் காணாமல் போனது. நேரம் கொடுத்ததாக நினைத்த பலனைக் கொடுத்தது கூடுதல் புரதம்.

2017-இல் ஷோன்ஃபெல்ட் குழு நேரடியாகவே சோதித்தது. எடைப் பயிற்சியில் பழகிய 21 ஆண்கள், 10 வாரம், 25 கிராம் புரதம். ஒரு குழு பயிற்சிக்குச் சற்று முன்பு குடித்துவிட்டு, முடிந்தபின் 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தது. மறு குழு முடிந்த கையோடு குடித்தது. அரை மணி ஜன்னல் உண்மையானால் முதல் குழு தோற்றிருக்க வேண்டும். இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

கடைசிச் சாப்பாட்டிலிருந்து எண்ணுங்கள்

காரணம் எளிது. புரதம் வாய்க்குள் போனதும் தசைக்குப் போய்விடுவதில்லை. செரித்து ரத்தத்துக்கு வர நேரமாகும், வந்தபிறகும் சில மணி நேரம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பாலிலிருந்து பிரித்தெடுத்து, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் வே புரதம் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். மாவுச்சத்து, கொழுப்பு எல்லாம் சேர்ந்த முழுச் சாப்பாடு மெதுவாகச் செரித்து 4 முதல் 6 மணி நேரம் வரை அமினோ அமிலங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே 4 மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு 5:30-க்குப் பயிற்சி தொடங்குகிறவருக்கு, 6:30-க்குப் பயிற்சி முடியும்போது முந்தைய சாப்பாடே இன்னும் ‘பயிற்சிக்குப் பிந்தைய சாப்பாடு’ வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அவர் 8 மணிக்கு இரவுச் சாப்பாடு சாப்பிட்டால் போதும்.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: பயிற்சிக்கு முந்தைய புரதச் சாப்பாட்டுக்கும் பிந்தைய புரதச் சாப்பாட்டுக்கும் இடையே 4 முதல் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் கவலை இல்லை. அந்த இடைவெளிக்குள் பயிற்சி எங்கே விழுகிறது என்பது பெரிய விஷயமில்லை.

இதே கணக்கை விடியற்காலைப் பயிற்சிக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய இரவு 8 மணிக்குச் சாப்பாடு, காலை 6 முதல் 7 வரை வெறும் வயிற்றில் எடைப் பயிற்சி. முடியும்போதே 11 மணி நேரம் ஆகிவிட்டது. இவருடைய உடல் ஆய்வகத்துக்கு வந்த அந்தப் பட்டினிக்காரரின் உடல் மாதிரிதான். இவர் குளித்துக் கிளம்பி, வேலைக்குப் போய், 11 மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிடுவது நல்ல யோசனை இல்லை. முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுவது இவருக்கு அர்த்தமுள்ள ஏற்பாடு. பழைய விதி முழுப் பொய் அல்ல, இவரைப் போன்றவர்களுக்கு அது ஓரளவு உண்மை. எல்லோருக்கும் பொதுவாக்கியதுதான் பிரச்சினை.

சரி, எவ்வளவு?

2009-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 6 இளைஞர்களைக் காலுக்கான பயிற்சி செய்யவைத்து, வெவ்வேறு நாட்களில் 0, 5, 10, 20, 40 கிராம் முட்டைப் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 20 கிராம் வரை உருவாக்கம் ஏறிக்கொண்டே போனது. 40 கிராமில் அதற்கு மேல் குறிப்பிடும்படி ஏறவில்லை, அமினோ அமிலம் எரிந்து போவதுதான் கூடியது. ‘ஒரு வேளைக்கு 20 கிராமுக்கு மேல் உடல் ஏற்காது’ என்று இன்றும் நீங்கள் கேட்கும் வாக்கியத்தின் ஒரு வேர் இதுபோன்ற முடிவுகளில் இருக்கிறது.

ஆனால் அங்கே வேலை செய்தது கால் மட்டும். 2016-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஒரே அமர்வில் முழு உடலுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு 20 கிராமையும் 40 கிராமையும் ஒப்பிட்டபோது, 40 கிராமில் உருவாக்கம் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. புரதத்தை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது.

2023-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். பயிற்சிக்குப் பின் ஒரே தடவையாக 25 கிராம் அல்லது 100 கிராம் பால் புரதம் கொடுத்து, வழக்கம்போல 4 அல்லது 5 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 12 மணி நேரம் அளந்தார்கள். 100 கிராம் குடித்தவர்களின் தசை உருவாக்கம் அதிகமாகவும், அதைவிட முக்கியமாக நீண்ட நேரமும் ஓடியது. கூடுதல் புரதத்தில் சிறு பங்குதான் எரிந்து போனது. பெரிய அளவு என்றால் உடல் அதைக் கொட்டிவிடுவதில்லை, மெதுவாகச் செரித்து மெதுவாகப் பயன்படுத்துகிறது. முந்தைய ஆய்வுகள் சீக்கிரமே கடிகாரத்தை நிறுத்திவிட்டதால் அந்த வால்பகுதி கண்ணில் படவில்லை.

இதைப் படித்துவிட்டு 100 கிராம் குடிக்கக் கிளம்ப வேண்டாம். ஒரு வேளை பெரிதாகவும் அடுத்த வேளை சிறிதாகவும் அமைந்தால் பெரிதில் சாப்பிட்டது வீணாகாது என்ற நிம்மதிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் பயன்படும் எண்ணிக்கை: ஒரு வேளைக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 18 முதல் 24 கிராம், 70 கிலோவுக்கு 21 முதல் 28 கிராம். நாள் மொத்தத்துக்கு, தசை வளர்க்கப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த அளவுக்கு மேல் சராசரியாகப் பலன் கூடவில்லை. அதே தொகுப்பாய்வில் கூடுதல் புரதத்தால் கிடைத்த பலன் கொழுப்பு நீங்கிய உடல் எடையில் சுமார் 0.3 கிலோதான். பெரும்பங்கு வேலையைப் பயிற்சிதான் செய்கிறது. புரதப் பவுடர் டப்பாவில் இந்த எண்ணை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

ஒருவருடைய நாளைப் பிரித்துப் பார்ப்போம்

70 கிலோ எடையுள்ள ஒருவர் மாலை 6 முதல் 7 வரை பயிற்சி செய்கிறார். தேவை 70 × 1.6 = 112 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28.

காலையில் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை: தோராயமாக 12 கிராம். மதியம் 1 மணிக்குத் தானியச் சாப்பாடும் ஒரு பெரிய கிண்ணம் வேகவைத்த பருப்பும்: 22 கிராம். பயிற்சி முடிந்ததும் ஒரு ஸ்கூப் ஷேக்: 24 கிராம். இரவு 8:30-க்கு 100 கிராம் சமைத்த கோழியோடு சாப்பாடு: 30 கிராம். கூட்டினால் 88. இன்னும் 24 கிராம் குறைகிறது.

இவருக்கு ஆறு மாதமாக எடை தூக்குவதில் பெரிய முன்னேற்றம் இல்லை. அவர் கண்டுபிடித்த தீர்வு, ஷேக்கில் இரண்டு ஸ்கூப் போடுவது, அதையும் பயிற்சி முடிந்த ஐந்தே நிமிடத்தில் குடிப்பது. மொத்தம் 112-ஐ எட்டிவிடும், தப்பில்லை. ஆனால் 7 மணிக்கு 48 கிராமும், ஒன்றரை மணி நேரத்தில் இன்னொரு 30 கிராமும் போகிறது. காலையில் வெறும் 12. இரவு முழுவதும் காலியாகக் கிடந்த உடல், மதியம் வரை அரைகுறையாகவே ஓடுகிறது. அந்த 24 கிராமைக் காலைக்கு மாற்றினால் எப்படி? இன்னும் இரண்டு முட்டை, ஒரு பெரிய கிளாஸ் பால். காலை 12 என்பது 32 ஆகிறது, நாள் மொத்தம் 108. நாலு கிராம் குறைகிறதே என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சிறு மாற்றம். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டவர் 7 மணிக்குப் பயிற்சியை முடிக்கும்போது 6 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஷேக்கை 5 மணிக்கே குடித்துவிட்டால் அந்த இடைவெளி நிரம்பிவிடும், 8:30 சாப்பாடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் குடித்தாலும் சரிதான். அவருக்கு எது வசதியோ அது. 5 மணிக்குக் குடித்தால் வயிறு கனத்து ஸ்குவாட் செய்ய முடியவில்லை என்றால் 7 மணிக்கே வைத்துக்கொள்ளட்டும்.

கணக்குப் போடும்போது அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 30 கிராம் பவுடர் என்றால் 30 கிராம் புரதம் அல்ல. வே பவுடரில் ஒரு ஸ்கூப் 30 கிராம் என்றால் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம்தான் புரதம், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். அதுபோல 50 கிராம் முட்டையில் 6 கிராம்தான் புரதம், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். பருப்பில் இன்னும் மோசமாக ஏமாறுவோம். காய்ந்த பருப்பு 100 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும், அதே 100 கிராம் வெந்த பருப்பில் 9 கிராம்தான். காய்ந்ததன் எண்ணை வெந்ததன் எடையோடு பெருக்கினால் கணக்கில் மட்டும் தசை வளரும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் அளவை மாற்ற வேண்டும். வயதாக ஆகத் தசை புரதத்துக்கு மந்தமாகப் பதில் சொல்கிறது. இளைஞருக்கு 20 கிராம் தரும் தூண்டுதலைப் பெற அவர்களுக்கு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராமாவது, அதாவது பலருக்கும் 30 கிராம் அளவில் தேவைப்படும். அவர்கள்தான் காலையில் ஒரு துண்டு ரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறவர்களும். இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்களும் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. தசை உருவாக்கத்தை முடுக்கிவிடும் லியூசின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலான தாவரப் புரதங்களில் சற்றுக் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த எண்கள் எதையும் எடுத்துக்கொள்ளாமல் மருத்துவர் சொல்லும் அளவிலேயே நிற்க வேண்டும்.

உண்மையிலேயே அவசரப்பட வேண்டிய ஒரு கூட்டமும் உண்டு, ஆனால் அவர்களின் அவசரம் புரதத்துக்காக அல்ல. காலையில் நீண்ட ஓட்டம், அன்று மாலையே மீண்டும் ஓட்டம் என்று இருப்பவர்களுக்குத் தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் காலியாகிவிடும். அதை எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி நிரப்ப வேண்டுமென்றால் முடிந்த உடனே மாவுச்சத்து சாப்பிட வேண்டும். 2 மணி நேரம் தள்ளிப்போட்டால் நிரம்பும் வேகம் குறைகிறது. அடுத்த பயிற்சி நாளைக்குத்தான் என்றால் அவர்களுக்கும் இந்த அவசரம் தேவையில்லை, வழக்கமான சாப்பாட்டிலேயே நிரம்பிவிடும்.